சின்னி விரல் இடிபட்டால்: கண்டலா, முறிவா?

கரண்ட் போன இரவொன்றில், வெள்ளவத்தை வீட்டில் மெழுகுதிரி தேடப் போய், வலது காலின் சின்னி விரலைச் சோபாவின் மரக்காலில் இடித்துக்கொண்டேன். விடிந்தபோது விரல் வீங்கி ஊதா நிறமாகியிருந்தது. “நடக்கிறாய்தானே, முறிஞ்சிருக்காது” என்றார் அம்மா. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் முறிந்த சின்னி விரலோடும் குதிக்காலை ஊன்றி நடக்கலாம். நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. வெறும் கண்டலும் ஊதாவாகும்.

கிளினிக்கில் டொக்டர் முதலில் விரல் நுனியைப் பாதத்தை நோக்கி மெல்லத் தள்ளினார். இடிபட்ட சதையை அவர் தொடவே இல்லை. ஆனாலும் விரலின் அடியில் உயிர் போகிற நோவு. பிறகு எலும்பு வழியே அழுத்திக்கொண்டு வந்தபோது ஒரே ஒரு புள்ளியில் துள்ளினேன். இவை இரண்டும் முறிவைச் சந்தேகிக்க வைப்பவை. கண்டலென்றால் நோவு பெரும்பாலும் சதையில்தான் இருக்கும், இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும்.

அடுத்து இரண்டு பாதங்களையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார். சின்னி விரல் நகம் பலருக்கும் இயல்பாகவே சற்றுச் சாய்ந்திருக்கும் என்பதால் மற்றக் காலோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். என் வலது விரல் வெளிப்பக்கம் விலகி, நகமும் திரும்பியிருந்தது. எக்ஸ்ரேயில் அடி எலும்பு முறிந்து விலகியிருந்தது தெரிந்தது. நேராக இருந்திருந்தால் கட்டுப் போட்டே அனுப்பியிருப்பார்.

விரலின் அடியில் இரு பக்கமும் விறைப்பூசி போட்டார். (முழுக் கதையிலும் அதுதான் மோசமான கட்டம்.) விரல் மரத்ததும் அதற்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே ஒரு பென்சிலை வைத்து, சின்னி விரலை இழுத்து உள்ளே வளைத்தார். நகம் நேரானதும் மறுபடி எக்ஸ்ரே.

பிறகு பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினார். நடுவே மடித்த கோஸ் துணி, மேலே பிளாஸ்டர். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டு இறுக்கம். கொழும்பு வியர்வைக்கு அந்தத் துணிதான் முக்கியம். அது ஈரமாகவே இருந்தால் தோல் வெளுத்து ஊறிப் புண்ணாகிவிடும். அதனால் குளித்ததும் நன்றாகத் துடைத்து மாற்றினேன். கட்டு மூன்று நான்கு வாரம், எலும்பு பொருந்த ஆறு வாரமளவு. றப்பர் செருப்பு வளைவதால், அடி தடித்த சப்பாத்தைப் போடச் சொன்னார்.

பெரியம்மா எண்ணெய் போட்டு உருவச் சொன்னார். முறிந்த எலும்பை உருவினால் மறுபடி விலகலாம் என்று மறுத்துவிட்டேன். அவருக்கு நீரிழிவு, பாதத்தில் உணர்வும் குறைவு. அப்படியானவர்கள் வீட்டில் தாங்களாகவே கட்டக்கூடாது. கட்டு இறுகினாலும் தெரியாது. உடல் பாரம் தாங்குகிற பெருவிரலில் இடிபட்டாலும், தோல் கிழிந்தாலும், நகத்தடியிலிருந்து இரத்தம் கசிந்தாலும், விரல் வெளுத்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.