சேதாரம் 20 சதவீதம் என்றால் எதில் 20 சதவீதம்?

மூன்று மாதத்துக்கான தகடு கொள்முதல் பட்ஜெட்டை மூன்று முறை போட வேண்டியிருந்தது. முதல் முறை போட்டது ஒப்புதலாகி, ஆர்டரும் போய், நான்காம் மாதம் தகடு இல்லாமல் பிரஸ் மெஷின் நின்ற பிறகுதான் தவறு தெரிந்தது. இரண்டாவதைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. எங்கே சறுக்கியது என்பதை எண்களோடு எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும்.

பொருள் ஒன்றுதான்: இரும்புத் தகட்டில் அடிக்கும் பிராக்கெட். முடிந்த துண்டின் எடை 400 கிராம். விற்பனை மதிப்பீடு முதல் மாதம் 20,800, இரண்டாம், மூன்றாம் மாதங்கள் தலா 24,000, நான்காம் மாதம் 33,600, ஐந்தாம் மாதம் 24,000. முடிந்த சரக்கில் அடுத்த மாத விற்பனையின் கால் பங்கு கையில் இருக்க வேண்டும். விற்பனையோடு இறுதி இருப்பைக் கூட்டி, தொடக்க இருப்பைக் கழித்தால் நல்ல துண்டுகள் 21,600, 24,000, 26,400, நான்காம் மாதம் 31,200. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் சேதாரத்தில் தொடங்கியது. பிரஸ் பிரிவு கொடுத்த தாளில் ‘வெட்டுச் சேதாரம் 20%, ரிஜெக்ட் 4%’ என்று மட்டும் இருந்தது. நாங்கள் 400 கிராமோடு 20 சதவீதம் கூட்டி 480 கிராம் என்றும், 21,600 துண்டோடு 4 சதவீதம் கூட்டி 22,464 துண்டு என்றும் எடுத்துக்கொண்டோம். இரண்டுமே தவறு. பிரஸ் பிரிவு சொன்ன 20 சதவீதம், மெஷினுக்குள் போகும் தகட்டின் எடையில் 20. அதாவது போகும் 100 கிலோவில் 80 கிலோதான் துண்டாக வெளியே வரும். அப்படியானால் 400 கிராமை 0.8-ஆல் வகுக்க வேண்டும். 500 கிராம் வரும். ரிஜெக்ட்டும் அப்படித்தான். அடித்த துண்டுகளில் 4 சதவீதம் போகிறது என்பதால் நல்ல துண்டு எண்ணிக்கையை 0.96-ஆல் வகுக்க வேண்டும். 21,600-க்கு 22,500 துண்டு அடிக்க வேண்டும். முதல் மாதத் தேவை இப்படி வரும்:

```
=21600/(1-0.04)*0.4/(1-0.2)
```

விடை 11,250 கிலோ. நாங்கள் போட்டது 10,783. மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் ஒரு நாள் தேவையைவிடச் சற்று அதிகமான தகடு குறைவு.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு துண்டுக்கு 100 கிராம் ஸ்கிராப் போகிறது என்பதைப் பிரஸ் பிரிவு 20% என்று எழுதும், ஏனென்றால் அது 500-இல் 100. அதே 100 கிராமை முடிந்த எடையோடு ஒப்பிட்டு 25% என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரி, ஒரே ஸ்கிராப்தான். சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஸ்டோர்ஸிலிருந்து போன தகடு எத்தனை கிலோ, வந்த நல்ல துண்டுகள் எத்தனை கிலோ என்று இரண்டு எடைகளையும் கேளுங்கள். எங்களுடையதில் ஒரு டன் தகடு கொடுத்தால் 768 கிலோ நல்ல துண்டு, அதாவது 1,920 பிராக்கெட் வர வேண்டும். ஒரு வாரம் எடை போட்டாலே தாளில் உள்ள சதவீதம் மெய்யா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு பெரிய தவறு மூன்று மாதம் ஏன் கண்ணில் படவில்லை? பஃபர் ஸ்டாக் அதை மறைத்துவிட்டது. அடுத்த மாதத் தேவையில் 20 சதவீதம், அதாவது ஐந்து நாள் தகடு, மாத முடிவில் கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. தொடக்கத்தில் 2,250 கிலோ இருந்தது. மூன்று மாத ஆர்டரும் ஒரேயடியாகப் போய்விட்டதால், பற்றாக்குறையை மாதாமாதம் பஃபர் ஈடுகட்டிக்கொண்டே வந்தது. மூன்றாம் மாத முடிவில் பட்ஜெட் தாளில் 3,115 கிலோ. ஸ்டோர்ஸில் எடை போட்டால் 1,558. நான்காம் மாதத்துக்கு நாளொன்றுக்கு 650 கிலோ வேண்டும். ஐந்து நாள் தாங்கும் என்று நம்பிய இருப்பு இரண்டரை நாள்கூடத் தாங்கவில்லை. சப்ளையர் நான்கு நாள் தாமதித்ததும் பிரஸ் நின்றது. அவரைக் குறை சொல்லவே முடியாது. அந்த நான்கு நாளுக்காகத்தானே பஃபரே வைத்தோம்? லோடு எதுவும் தாமதமாகாத மாதத்திலும் பஃபர் குறைந்தால், சேதாரக் கணக்கில்தான் ஓட்டை என்று பிடித்துக்கொள்ளுங்கள். முதல் மாத முடிவிலேயே தாளில் 2,396, தரையில் 1,929 என்று இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

பட்ட சூட்டில், அதே மூன்று மாதங்களை வைத்துத் திருத்திப் போட்ட பட்ஜெட்டில் எதிர்ப்பக்கம் சறுக்கினோம். சேதாரத்தைச் சரிசெய்துவிட்டு, ஒவ்வொரு மாதத் தேவையோடும் அந்த மாத முடிவு பஃபரை முழுசாகக் கூட்டினோம்: 13,750, 15,250, 17,000. மொத்தம் 46,000 கிலோ. கணக்குப் பிரிவில் இருந்தவர் ஒரே கேள்வி கேட்டார்: “போன மாதம் வாங்கிய பஃபர் எங்கே போச்சு?” பஃபர் ஒருமுறை வாங்கிவைப்பது. பிறகு அது கூடினால் கூடின அளவை மட்டும் வாங்க வேண்டும். தேவையோடு இறுதி இருப்பைக் கூட்டி, தொடக்க இருப்பைக் கழிக்க வேண்டும். தேவை 11,250, 12,500, 13,750. இறுதி இருப்பு 2,500, 2,750, 3,250. கொள்முதல் 11,500, 12,750, 14,250, மொத்தம் 38,500. இரண்டுக்கும் இடையிலுள்ள 7,500 கிலோ, கழிக்காமல் விட்ட மூன்று தொடக்க இருப்புகளின் கூட்டுத்தொகை (2,250, 2,500, 2,750). வித்தியாசம் இப்படிச் சரியாக உட்கார்ந்தால் தவறு அங்கேதான்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. மூன்று மாதக் கொள்முதலிலிருந்து மூன்று மாதத் தேவையைக் கழியுங்கள்: 38,500 − 37,500 = 1,000. பஃபர் 2,250-இலிருந்து 3,250 ஆனதும் 1,000. ஒத்துப்போகாத பட்ஜெட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது முறையும் ஒரு நாள் வீணானது. இந்த முறை விற்பனைப் பிரிவு மூன்று மாத மதிப்பீட்டை மட்டுமே அனுப்பியிருந்தது. மூன்றாம் மாத முடிவில் எவ்வளவு தகடு இருக்க வேண்டும் என்பதற்கு நான்காம் மாத உற்பத்தி தெரிய வேண்டும். அதற்கு ஐந்தாம் மாத விற்பனை தெரிய வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் ஷீட் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, பஃபரையே கரைத்துக் கொள்முதலைக் குறைத்துக் காட்டும். எரர் எதுவும் காட்டாது. மூன்று மாத பட்ஜெட்டுக்கு ஐந்து மாத விற்பனை எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, தகடு 2 டன் கட்டாகத்தான் வரும். மாதாமாதம் தனித்தனியாக மேல்நோக்கி முழுமையாக்கினால் 12, 14, 16 என்று 42 டன் ஆகும். முதல் மாதம் மிஞ்சும் 500 கிலோவை இரண்டாம் மாதத்தில் கழித்து, அதில் மிஞ்சுவதை மூன்றாம் மாதத்தில் கழித்தால் 12, 14, 14. நாற்பது டன் போதும். இப்போது மாதக் கடைசி நாளில் தகட்டை எடை போட்டு, அந்த எண்ணைத்தான் அடுத்த மாதத் தொடக்க இருப்பாக எழுதுகிறோம். போன தாளின் இறுதி எண்ணை அப்படியே எடுத்தெழுதுவதில்லை.