எல்.ஓ.எஸ். விளக்கு சிவந்தபோது: கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

எங்கள் வீட்டு ஃபைபர் இணையம் மூன்று நாட்களாக விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு நாட்களும் நான் செய்தது ஒன்றுதான்: ஃபைபர் கம்பி வந்து சேரும் இணையப் பெட்டியின் சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்து, மீண்டும் போடுவது. அப்படிப் போட்டதும் சில வேளைகளில் இணையம் திரும்பியதால், பெட்டிதான் பழுதாகிவிட்டது என்றே நம்பினேன். மூன்றாம் நாள், பெட்டியைத் தொடாமல் அதன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விளக்குகளை மட்டும் கால் மணி நேரம் கவனித்தேன்.

பெட்டியின் முகப்பில் ஆறு விளக்குகள் இருந்தன. லேன், வைஃபை விளக்குகள் பெட்டிக்கும் நம் கருவிகளுக்கும் இடையிலான தொடர்பைச் சொல்பவை என்பதால், கம்பி பற்றிய கேள்விக்கு அவற்றால் பயனில்லை. பார்க்க வேண்டியவை பான், எல்.ஓ.எஸ். என்னும் இரண்டுதான். பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால், நம் பெட்டி இணைய நிறுவனத்தின் நிலையத்தில் உள்ள கருவியோடு தொடர்பில் இருக்கிறது என்று பொருள். அது சிமிட்டினால், தொடர்பு கொள்ள முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். எல்.ஓ.எஸ். விளக்கு இதற்கு நேர்மாறானது. ஃபைபர் கம்பி வழியே ஒளி ஒழுங்காக வரும்வரை அது அணைந்தே இருக்கும். ஒளி வரவில்லை, அல்லது பெட்டியால் படிக்க முடியாத அளவுக்கு மங்கிவிட்டது என்றால் சிவப்பாகச் சிமிட்டும். எரியாத விளக்கைப் பழுது என்று எண்ணுவது நம் வழக்கம் என்பதால், இந்த ஒன்றில் பலரும் குழம்புகிறார்கள். சில பெட்டிகளில் இவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு இருந்து, அதுவே பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். சிமிட்டும் வேகத்துக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு பொருள் வைத்திருப்பதால், அந்த நுணுக்கத்துக்குப் பெட்டியோடு வந்த கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

நான் கண்டது இது. எல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தபோது, திடீரென எல்.ஓ.எஸ். சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கியது. அதே கணத்தில் பான் விளக்கு நிலை குலைந்து சிமிட்டியது. பிறகு இன்டர்நெட் விளக்கு அணைந்தது. ஏறக்குறைய நாற்பது விநாடிகளில் சிவப்பு மறைந்தது. பான் சில விநாடிகள் சிமிட்டிவிட்டு நிலைபெற்றது, அதன் பின்னரே இன்டர்நெட் விளக்கு வந்தது. இத்தனைக்கும் பவர் விளக்கு ஒருமுறைகூட அசையவில்லை. ஆகவே அடாப்டரிலோ மின்சாரத்திலோ குறை இல்லை, பெட்டி தானாக அணைந்து எழவும் இல்லை. முதலில் போனது ஒளி. மற்றவை அதைத் தொடர்ந்து போயின. நான் சுவிட்சைப் போட்டுப் போட்டு இணையத்தை மீட்டதாக எண்ணியதெல்லாம், அது எப்படியும் திரும்பவிருந்த நேரத்தோடு என் கை ஒத்துப்போனதுதான்.

உடனே தொலைபேசியை எடுத்து, வெளியில் கம்பி அறுந்துவிட்டது என்று புகார் சொல்லத் தோன்றியது. ஆனால் முன்பொரு முறை அப்படிச் சொல்லி வெட்கப்பட்டிருக்கிறேன். அலமாரியைச் சுவரோடு தள்ளி வைத்த மறுநாள் இதே சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள் வந்து பார்த்தபோது, பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலான கம்பி அலமாரியின் முதுகில் நசுங்கிக் கிடந்தது. எல்.ஓ.எஸ். விளக்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் துளைக்கு வந்து சேரும் ஒளி போதவில்லை என்பது. அந்த ஒளி எங்கே தொலைந்தது என்று அதற்குத் தெரியாது. நிலையத்திலிருந்து கிளம்பும் ஒளி, வழியில் ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்பானில் பல வீடுகளுக்குப் பங்கிடப்பட்டு, அங்கிருந்து நம் வீட்டுக்கென்று வரும் தனிக் கம்பி வழியாகச் சுவரில் உள்ள சிறு பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து பேட்ச் கார்டு எனப்படும் மெல்லிய கம்பி அதைப் பெட்டிக்குக் கொண்டு சேர்க்கிறது. கடைசி ஒன்றரை மீட்டர் நம் வீட்டுக்குள் இருக்கிறது. அதைக் குற்றமற்றது என்று காட்டாமல் வெளியைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு விளக்குகள் மட்டும் போதவில்லை. ஓர் எண்ணும் தேவைப்பட்டது. உலாவியில் 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உள்ளே போனால், ஒளி பற்றிய பக்கத்தில், பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் வலிமையைக் காட்டும் Rx Optical Power என்ற வரி இருக்கும். (முகவரியும் பக்கத்தின் அமைப்பும் பெட்டிக்குப் பெட்டி மாறலாம், சில நிறுவனங்கள் இந்தப் பக்கத்தை வாடிக்கையாளருக்குத் திறந்து விடுவதே இல்லை.) இந்த எண் டிபிஎம் என்னும் ஒளி வலிமை அலகில், எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பரவலாகப் புழங்கும் ஜிபான் வகைப் பெட்டிகளுக்கு −8 முதல் −27 வரை ஏற்ற வரம்பு. கழித்தலுக்குப் பின்னுள்ள எண் பெருகப் பெருக ஒளி மங்குகிறது. 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று கணக்கு.

இணைப்புக் கொடுத்த அன்று அந்தப் பக்கத்தை விளையாட்டாகப் படமெடுத்து வைத்திருந்தேன். அதில் −21.4 என்றிருந்தது. இப்போது, பான் பச்சையாக இருக்கும் நேரத்திலேயே −27.1 காட்டியது, சிவப்பு சிமிட்டும்போது பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தால் −28.6 வரை இறங்கியது. அதாவது முன்பு வந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்குகூட வந்து சேரவில்லை. கம்பி முற்றிலும் அறுந்திருந்தால் இந்த இடத்தில் −40 போன்ற எண்ணோ வெறும் கோடுகளோ நின்றிருக்கும், இணையமும் திரும்பியிருக்காது. ஆகவே இது அறுந்த கம்பி அன்று. எங்கோ ஒளியைக் கசியவிடும் கம்பி. வரம்பின் விளிம்பில் நின்றுகொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியதால்தான் இணையம் விட்டுவிட்டு வந்தது.

முதலில் பேட்ச் கார்டை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே எடுத்து, இறுக்கமாகச் சுற்றியிருந்ததைத் தளர்த்தினேன். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அதை விரல் மோதிரம் அளவுக்கு வளைத்தால், வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வட்டமாகவே விட வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. எண் மாறவில்லை. பிறகு கம்பியைச் சாண் சாணாகப் பிடித்து மெல்ல அசைத்து, ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதுப்பித்தேன். அப்போதும் மாறவில்லை. அடுத்து, பெட்டியை அணைத்துவிட்டு, கம்பி முனையில் இருந்த பச்சை நிறச் செருகியைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் ஒருமுறை துடைத்து, உலர்ந்ததும் ‘டிக்’ என்று பதியும்வரை செருகினேன். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து ‘ஒளி வருகிறதா’ என்று பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். கடைசியாக, இரு முனைகளிலும் பச்சைச் செருகி உள்ள புதிய பேட்ச் கார்டு ஒன்றை வாங்கி மாற்றினேன். பச்சைச் செருகியின் முனை எட்டுப் பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலத்தின் முனை அப்படியன்று. இரண்டையும் கலந்து மாட்டினால் நாமே புதிய இழப்பை உண்டாக்கியவர்களாவோம். மாற்றிய பின் எண் −27.0. பழைய கம்பி குற்றமற்றது.

ஆனால் இந்தச் சோதனைகளுக்கு நடுவே வேறொன்று கண்ணில் பட்டது. நான் எதையும் தொடாமல் இருந்தபோதும் எண் ஏறி இறங்கியது, அதுவும் வெளியே மரக்கிளைகள் ஆடும் நேரத்தில்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். அவருக்கும் அதே பிரிப்பானிலிருந்துதான் கம்பி வருகிறது, அவருக்கு ஒரு தடங்கலும் இல்லை. பிரிப்பானுக்கு முன்னால் கோளாறு இருந்தால் அவரும் தவித்திருப்பார். மிச்சம் இருந்தது பிரிப்பானுக்கும் எங்கள் சுவருக்கும் இடைப்பட்ட தனிக் கம்பிதான்.

புகார் சொன்னபோது, மறுமுனையில் பேசியவர் வழக்கம்போல் பின்புறத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்யச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பல பெட்டிகளில் அது இணைய இணைப்புக்கான உள்நுழைவு விவரங்களையும் சேர்த்து அழித்துவிடும். ஒளிக் குறையோடு இன்னொரு குறையும் சேர்ந்துகொள்ளும். பவர் விளக்கு அசையவில்லை, எல்.ஓ.எஸ். சிமிட்டுகிறது, அன்றைய எண் இது, இன்றைய எண் இது, பேட்ச் கார்டை மாற்றியாயிற்று, பக்கத்து வீட்டில் கோளாறில்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தன் திரையைப் பார்த்துவிட்டு, மின்சாரம் போன பதிவு இல்லை, ஒளி போன பதிவுதான் இருக்கிறது என்றார். மின்சாரம் போகும்போது இத்தகைய பெட்டி அணைவதற்கு முன் ஒரு கடைசிச் செய்தியை நிலையத்துக்கு அனுப்பிவிடும். ஒளி தடைபட்டால் அனுப்ப வழியே இருக்காது. அந்த வேறுபாடு அவர்கள் பதிவில் தெரிகிறது.

மறுநாள் வந்த தொழில்நுட்பப் பணியாளர் கைமீட்டரைச் சுவர்ப் பெட்டியில் மாட்டினார்: −27.8. பிறகு பிரிப்பானில் எங்களுக்குரிய துளையில் மாட்டினார்: −20.6. இடையில் இருந்த நாற்பது மீட்டருக்கும் குறைவான கம்பியில் 7 டிபிக்கு மேல் தொலைந்திருந்தது; பழுதில்லாத கம்பியில் அந்தத் தூரத்துக்கு ஏற்படும் இழப்பு ஒரு பொருட்டே அன்று. கம்பியோடு நடந்தோம். எங்கள் மாடியின் சன்ஷேடு மூலையில், கம்பியைக் கட்டியிருந்த இரும்புக் கம்பி இறுகி, அங்கே கூர்மையான மடிப்பு விழுந்திருந்தது. காற்றில் கம்பி ஆடும்போதெல்லாம் மடிப்பு இன்னும் கொஞ்சம் இறுகியது. அந்தக் கட்டுக்கம்பியை வெட்டி எடுத்து, மூலையில் அகலமான வளைவு விட்டுத் தளர்வாகப் பொருத்தினார். உள்ளிழை உடைந்திருக்கவில்லை என்பதால் கம்பியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெட்டியில் எண் −21.5 என்று வந்து நின்றது.

சில மாதங்கள் கழித்து இணையம் மறுபடியும் நின்றது. பான் பச்சையாக நிலைத்திருந்தது, எல்.ஓ.எஸ். அணைந்திருந்தது, எண் −21.6, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு. இம்முறை கம்பியைத் தொடவே இல்லை. ஒளி நன்றாக இருக்கிறது, உள்நுழைவு மட்டும் நடக்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். ஏணியோடு ஒருவரும் வர வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் எதையோ சரிசெய்ததும் பத்து நிமிடத்தில் விளக்கு பச்சைக்கு மாறியது.