பை ஃபிலிம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்த கதை

மதுரையில் நாங்கள் நடத்தும் முறுக்கு, மிக்சர் நிறுவனத்துக்கு அச்சிட்ட ஃபிலிம் ரோல்களை ஓர் அச்சகத்திடமிருந்து வாங்குகிறோம். மார்ச் 31 அன்று முடியவிருந்த ஒப்பந்தத்தைப் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு எடுத்துப் படித்தபோதுதான், 60 நாள்களுக்கு முன் எழுத்துமூலம் தெரிவிக்காவிட்டால் அது அதே நிபந்தனைகளுடன் மேலும் ஓராண்டு நீளும் என்ற வரி கண்ணில் பட்டது. அதாவது, ஜனவரி 30 எங்களுக்குக் கடைசி நாள். அச்சக மேலாளரிடம் தொலைபேசியில் ஏற்கெனவே பேசியிருந்தேன்; ஆனால் அந்தப் பேச்சு எழுத்தாகாது.

எங்களை நெருக்கியது குறைந்தபட்சக் கொள்முதல் அளவு. ஒரு டிசைனுக்கு 300 கிலோ வாங்கியாக வேண்டும். எங்கள் பை ஒன்று ஏறத்தாழ 7 கிராம் என்பதால், 300 கிலோவில் சுமார் 42,000 பைகள் வரும். மாதம் 3,000 பைகள் மட்டுமே போகும் சீரக முறுக்குக்கு அது 14 மாத இருப்பு. முந்தைய ஆண்டு எண்ணெயை மாற்றியதால் பையிலுள்ள சேர்மானப் பட்டியலும் மாற, 110 கிலோ ஃபிலிம் பழைய சரக்காகக் கழிந்தது.

பாதியாகக் குறையுங்கள் என்று மட்டும் கேட்டால் மறுப்பார்கள் என்று தெரியும். டிசைனைச் சிலிண்டர்களில் பொறித்து அச்சிடும் கிராவூர் முறையில், டிசைன் மாறும்போதெல்லாம் சிலிண்டர்களைக் கழற்றி மாட்டி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்வரை ஓடும் ஃபிலிம் முழுவதும் கழிவு. சிறிய ஆர்டரில் அந்தக் கழிவு கிலோ விலையைத் தின்றுவிடும். ஆகவே ஒப்பந்த எண்ணையும் முடிவு நாளையும் முதல் வரியிலேயே குறிப்பிட்டு, கடிதத்தில் இவ்வாறு எழுதினேன்:

"தற்போதைய நிபந்தனைகளுடன் ஒப்பந்தம் தானாக நீள்வதை நாங்கள் விரும்பவில்லை, திருத்தத்துடன் ஓராண்டுக்குப் புதுப்பிக்க விரும்புகிறோம். டிசைனுக்கு 150 கிலோ எனக் குறைத்தால், ஒரே அகலமும் ஒரே அடுக்கு அமைப்பும் கொண்ட நான்கு டிசைன்களைச் சேர்த்து, ஒரு ஆர்டருக்கு மொத்தம் 600 கிலோவுக்குக் குறையாமல் தருவோம். பிப்ரவரி 15-க்குள் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறோம்."

கடைசி ஆறு மாத ஆர்டர் விவரத்தை இணைத்து, ஜனவரி 22 அன்று மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பினேன்.

பத்து நாள் பதில் இல்லை. பிறகு மேலாளர் அழைத்து, 150 கட்டாது, 200 என்றால் பார்க்கலாம் என்றார். மொத்த அளவை 800 ஆக்கி ஒப்புக்கொண்டேன். நான் கவனிக்காமல் விட இருந்தது, 10 சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பலாம் என்ற பழைய விதி: அளவைக் குறைத்துவிட்டு இதை விட்டுவைத்தால், 200 கேட்ட இடத்தில் 220 வந்து இறங்கும். அதை 5 சதவீதமாக்கச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

மார்ச் 18 அன்று கையெழுத்தானது. ஏப்ரலில் வந்த சீரக முறுக்கு ரோல்கள் 208 கிலோ.