இரண்டு பக்கச் சுற்றறிக்கையும் அரை நிமிட அறிவிப்பும்

மதுரையில் ஒரு பேருந்து நிலையத்தின் விசாரணைப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், திருமங்கலத்துக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் இடையே பாலப் பணி தொடங்குவதாக இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை செல்லும் பேருந்துகள் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை விருதுநகர், சிவகாசி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் என்பதே அதன் சாரம். மீதியெல்லாம் ஆணை எண், பணிமனைகளின் பெயர்கள், தட எண்கள், நடை நேரத் திருத்தங்கள்.

இதைப் பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்பு அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இன்ஜின் இரைச்சலுக்கும் நடத்துநர்களின் கூவலுக்கும் நடுவே அதற்கு மேல் யாரும் காது கொடுப்பதில்லை. தாளில் படிப்பவர் புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம். மூட்டையோடு நிற்பவரோ தன் ஊர்ப் பெயர் வருகிறதா என்று மட்டுமே கவனிக்கிறார், அது வந்த பிறகு சொல்லப்படுவதைத்தான் கேட்கிறார்.

ஆகவே நான் முதலில் பார்த்தது, யார் வேறு வண்டியில் ஏற வேண்டும் என்பதையே. சுற்றறிக்கை ராஜபாளையம், தென்காசி போன்ற தொலைவான ஊர்களிலிருந்து தொடங்குகிறது. ஆனால் தென்காசிக்காரர் செய்ய வேண்டியது எதுவுமில்லை, சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்வார், அவ்வளவுதான். சிக்கிக்கொள்பவர்கள் இடையில் இறங்கும் டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் பயணிகள். அவர்களுக்கான தனிப் பேருந்து பற்றிய தகவல் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியாக இருந்தது. பணிமனைக்கு எழுதிய தாள் அப்படித்தான் இருக்கும், அதில் தவறில்லை. நான் எழுதிய அறிவிப்பு இது:

"டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் பயணிகள் கவனத்திற்கு. தென்காசி, சங்கரன்கோவில் பேருந்துகள் இன்று உங்கள் ஊர் வழியாகச் செல்லாது. உங்களுக்கான தனிப் பேருந்து மூன்றாவது நடைமேடையில் நிற்கிறது. மூன்றாவது நடைமேடை."

பாலப் பணி என்ற காரணம், ஆணை எண், தட எண் மூன்றையும் விட்டுவிட்டேன். தேதிக்குப் பதில் 'இன்று' போதும். இரவு 10 மணிக்கு மேல் பழைய வழி என்ற விதிவிலக்கையும் சேர்க்கவில்லை; பகலில் அது குழப்பவே செய்யும், அந்த நேரம் வந்ததும் அறிவிப்பை நிறுத்தினால் போதும்.

இருந்தும் சங்கரன்கோவில் பயணிகள் சிலர் மூன்றாவது நடைமேடைக்குப் போய் நின்றார்கள். கூரையில் மோதி எதிரொலிக்கும் ஒலிபெருக்கியில் இரண்டு ஊர்ப் பெயர்களிலும் 'கோவில்' மட்டுமே தெளிவாகக் கேட்டிருக்கிறது. எனவே சங்கரன்கோவிலை எடுத்துவிட்டு, "ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் உள்ள கிருஷ்ணன்கோவில்" என்று நிறுத்திச் சொல்லி, "ஸ்ரீவில்லிபுத்தூரும் அதற்கு அப்பாலும் செல்வோர் வழக்கமான பேருந்திலேயே ஏறலாம்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தோம். சில விநாடிகள் கூடின. தவறான இடத்தில் நிற்பவர்கள் குறைந்தார்கள்.

தனிப் பேருந்தின் கடைசி நடை எப்போது என்ற கேள்வி மட்டும் விசாரணைச் சாளரத்துக்கு ஓயாமல் வந்தது. அதை அறிவிப்பில் நுழைக்க இடமில்லாததால், மூன்றாவது நடைமேடைத் தூணில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்.