முப்பது சதவீதம் என்றால், எதில்?

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முதல் வருடம். ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரையைப் படித்து மற்றவர்களுக்கு விளக்கும் ஜர்னல் கிளப்பில் என் முறை வந்தபோது கையில் கொடுத்தது நம்ம ஊர் கட்டுரைதான். வேலூர் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு பற்றி, சி.எம்.சி. ஆய்வாளர்கள் 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியது. பத்துப் பக்கம்தான். குடியாத்தம் பஸ்ஸில் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் போய் வந்தும் புள்ளியியல் பத்தியைத் தாண்டவில்லை. மஞ்சள் மார்க்கர் மட்டும் தீர்ந்துபோனது.

இரண்டாம் வருட அக்கா ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்காதே. முதல்ல இருக்கிற சுருக்கம், அப்ஸ்ட்ராக்ட், அதைப் படி. ஆனா அதோட கடைசிப் பகுதியைக் கையால மூடிக்கோ."

மூடச் சொன்னது முடிவுரைப் பகுதியை. அதை முதலிலேயே பார்த்துவிட்டால் அப்புறம் படத்தில் தெரிவதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும் என்றார். பஸ் டிக்கெட்டை அதன் மேல் வைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன். 452 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் 56 சதவீதம் பேருக்குத் தொற்று. 30 சதவீதம் முதல் தொற்று. மூன்று தொற்றுக்குப் பிறகு 79 சதவீதம் பாதுகாப்பு. இந்த மூன்று எண்களையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் "எதில்?" என்று போடச் சொன்னார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 30 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் தொற்று வந்தது என்று எழுதி வைத்திருந்தேன். ஆறு மாதத்திலேயே 56 என்றால் மொத்தம் எப்படி 30 ஆகும்? நானே எழுதிய இரண்டு வரிகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன, எனக்கு உறைக்கவில்லை. 56 என்பது குழந்தைகளில். 30 என்பது கண்டுபிடித்த மொத்தத் தொற்றுகளில். அதாவது பத்துத் தொற்றில் ஏழு, ஏற்கெனவே ஒருமுறையாவது தொற்று வந்த குழந்தைக்கு மறுபடி வந்தது. 79 இன்னும் வேறு. அது தொற்றே வராமல் காப்பதல்ல, நடுத்தரமான அல்லது கடுமையான நோய் வராமல் காப்பது.

அப்புறம் படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் போனேன். ஒவ்வொன்றிலும் முதலில் கீழே இருக்கும் குறிப்பு, பிறகு கிடை அச்சில் என்ன, நெடு அச்சில் என்ன, எத்தனை பேரின் கணக்கு. நோட்டில் இருந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் வேலை, அதனால் கண் அலையவில்லை. வைரஸ் வகைகளின் பெயர்களைப் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டுத் தாண்டினேன். இந்தச் சுற்றுக்கு அது தேவைப்படவில்லை.

டிக்கெட்டை எடுப்பதற்கு முன் என் முடிவை எழுதினேன்: "இங்கே தொற்று சீக்கிரம் வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது, மூன்று முறை வந்தும் முழுப் பாதுகாப்பு இல்லை." எடுத்துப் பார்த்தால் அவர்கள் ஒரு படி மேலே போயிருந்தார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ரோட்டா தடுப்பூசி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வேலை செய்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று. 'இருக்கலாம்' என்ற சொல்லை வட்டமிட்டேன். இந்த ஆய்வு பார்த்தது இயற்கையாக வந்த தொற்றை, தடுப்பூசியை அல்ல. எண்கள் சொல்வது எது, ஆய்வாளர்கள் அதிலிருந்து ஊகிப்பது எது என்பது அந்த இடத்தில் பிரிந்து தெரிந்தது. கட்டுரைக்குள் முடிவுரையைத் தேடும்போது ஒன்று: இந்த இதழில் 'முடிவுரை' என்று தனித் தலைப்பு இருக்காது. விவாதப் பகுதியின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பார்த்தால் போதும்.

இதற்குள் எனக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. வயிற்றுப்போக்கே வராத குழந்தைக்குத் தொற்று வந்தது எப்படித் தெரியும்? அதற்காக மட்டும் முறைகள் பகுதிக்குள் போனேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி, போக்கு இருக்கும் நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். எதிர்ப்புப் புரதம் சில மடங்கு ஏறியிருந்தால் அதையும் தொற்று என்று கணக்கில் எடுத்திருக்கிறார்கள். முதல் தடவை என்னை உறங்க வைத்த அதே பத்தி, கேள்வியோடு போனால் பத்து நிமிடம்.

இரண்டாவது கேள்வி: 'மற்ற இடங்களைவிடப் பாதுகாப்பு குறைவு' என்கிறார்களே, எந்த இடம்? அதற்குப் பதில் மெக்சிகோவில் இருந்தது. 1996-இல் இதே இதழில் வந்த ஆய்வு, 200 குழந்தைகள். அங்கே இரண்டு தொற்று வந்த எந்தக் குழந்தைக்கும் அதன் பிறகு நடுத்தரமான அல்லது கடுமையான நோய் வரவில்லை. இங்கே மூன்று வந்தும் 79.

ஜர்னல் கிளப் அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, "முப்பது சதவீதக் குழந்தைகளுக்குத்தான் தொற்றா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.