எண்ணிக்கை சரியாக இருந்தது, 46 பில்லைக் காணவில்லை

எண்ணிக்கை சரியாக இருந்ததுதான் எங்களை மூன்று நாள் சுற்ற விட்டது. மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு நாங்கள் பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய பழைய சிஸ்டத்திலிருந்து தினமும் ராத்திரி பில்கள் மொத்தமாக எங்கள் டேட்டாபேஸுக்குள் வரும். காலையில் அவர்களுடைய கணக்குப் பிரிவு அந்த நாளின் பில்களைப் பக்கம் பக்கமாக எங்கள் ஏபிஐ வழியாக இழுத்து எக்செலில் போட்டுக்கொள்ளும். பக்கத்துக்கு 50 பில். அன்றைக்கு வந்தவை 4,800, அதாவது 96 பக்கம். எக்செலிலும் 4,800 வரி இருந்தது. ஆனால் மொத்தத் தொகை மட்டும் உதைத்தது.

அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா போன் செய்தபோது நான் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு "டேட்டா எல்லாம் முழுசா வந்திருக்குக்கா, உங்க ஃபார்முலாவைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அவர் ஒரு நாள் முழுக்க ஃபார்முலாவைச் சரிபார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். எங்கள் பக்கம் சீனியர் ஒருவர் லாக்கைக்கூடத் திறக்காமல் "கேஷ் பிரச்சினைதான்" என்று முடித்துவிட்டார். அவர் பேச்சைக் கேட்டு கேஷை அணைத்து, காலி செய்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்து ஒரு நாள் போனது. எதுவும் மாறவில்லை.

கடைசியில் பஸ் பிடித்து அவர்கள் ஆபீஸுக்கே போனேன். அங்கேயும் முதல் ஒரு மணி நேரம் அவர்களுடைய நெட்வொர்க்கையும், பக்கங்களை இழுக்கும் ஸ்கிரிப்ட்டையும் நோண்டி வீணடித்தேன். அந்த அக்காதான் எக்செலில் ஒரு பில் நம்பரை ஃபில்டர் போட்டு, "தம்பி, இந்த ஒரு பில்லு மட்டும் ஏன் இத்தனை தடவை வருது?" என்று காட்டினார். 47 தடவை. எந்தெந்த இடத்தில் என்று பார்த்தால் 50, 100, 150 என்று வரிசையாகப் போய் 2,350-இல் நின்றது. அதாவது முதல் 47 பக்கங்களில் ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் அதே பில். 48-ஆம் பக்கத்திலிருந்து அது வரவே இல்லை.

இவ்வளவு ஒழுங்காகத் தப்பு நடந்தால் அது நெட்வொர்க்கோ கேஷோ இல்லை. குவெரியைத் திறந்தேன்:

```sql
SELECT * FROM bills
WHERE batch_date = $1
ORDER BY created_at DESC
LIMIT 50 OFFSET $2;
```

பார்க்க ஒரு குறையும் தெரியாது. குறை `created_at`-இல் இருந்தது. அந்த ஃபீல்டுக்கு `DEFAULT now()` கொடுத்திருந்தோம். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் `now()` என்பது அந்த வரி எழுதப்படும் நேரம் இல்லை, டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரம். ராத்திரி இம்போர்ட் முழுவதும் ஒரே டிரான்சாக்ஷனில் ஓடுகிறது. ஆகவே 4,800 பில்லுக்கும் மைக்ரோசெகண்ட் வரை ஒரே நேரம். வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறோம், ஆனால் எதை வைத்து வரிசைப்படுத்துவது என்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. என் லேப்டாப்பில் இது ஏன் வரவில்லை என்றால், டெஸ்ட் டேட்டாவை ஒவ்வொரு வரியாகத் தனித்தனியாகப் போட்டிருந்தேன், ஒவ்வொன்றுக்கும் வேறு நேரம் விழுந்திருந்தது.

மதிப்பு ஒன்றாக இருந்தால் டேட்டாபேஸ் தனக்குத் தோன்றிய வரிசையில் கொடுக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஒரே டேபிள், ஒரே டேட்டா, இடையில் யாரும் எதையும் மாற்றவில்லை, அப்புறம் எப்படிப் பக்கத்துக்குப் பக்கம் வரிசை மாறும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. `EXPLAIN ANALYZE` போட்டுப் பார்த்ததும் புரிந்தது:

```
-- 47-ஆம் பக்கம், OFFSET 2300
Sort Method: top-N heapsort
-- 48-ஆம் பக்கம், OFFSET 2350
Sort Method: quicksort
```

இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 50-ஐத் தள்ளிவிட்டு அடுத்த 50 வேண்டும் என்றால், போஸ்ட்கிரெஸ் 4,800-ஐயும் அடுக்கி முடிக்காது. மேலே வரவேண்டிய 100-ஐ மட்டும் ஒரு ஹீப்பில் வைத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே மதிப்பு என்பதால் முதலில் படித்த 100 அப்படியே ஹீப்பில் தங்கிவிடும். ஆனால் ஹீப்பிலிருந்து வெளியே எடுக்கும்போது முதலில் உள்ளே போன பில் கடைசிக்குப் போய்விடுகிறது. ஆக வரிசை 2, 3, 4 என்று 100 வரை போய் அப்புறம் 1. இதில் முதல் 50-ஐ, அதாவது 2 முதல் 51 வரை, தள்ளிவிட்டு மீதியைக் கொடுக்கும்: 52 முதல் 100 வரை, கடைசியில் 1. முதல் பக்கத்தில் என்ன வந்திருந்தது? அங்கே ஹீப்பின் அளவு 50, ஆகவே 2 முதல் 50 வரை, கடைசியில் 1. இப்போது 51-ஆவது பில் எங்கே? முதல் பக்கத்தில் அது வரவில்லை, இரண்டாம் பக்கத்தில் "முன்பே காட்டியாயிற்று" என்று தள்ளப்பட்டுவிட்டது. 101, 151 என்று 2,301 வரை ஒவ்வொரு பக்க எல்லையிலும் ஒரு பில் இப்படி விழுந்தது. மொத்தம் 46. அவற்றின் இடத்தை முதல் பில் நிரப்பியதால்தான் எண்ணிக்கை கச்சிதமாக 4,800 என்று வந்தது.

48-ஆம் பக்கத்தில் ஏன் நின்றது? மொத்த வரிகள், வைத்துக்கொள்ள வேண்டியதைப்போல இருமடங்குக்கு மேல் இருந்தால்தான் அந்த ஹீப் முறை. 48-ஆம் பக்கத்துக்கு 2,400 வைத்துக்கொள்ள வேண்டும், இருமடங்கு 4,800, அதற்கு மேல் வரி இல்லை. உடனே முழுவதையும் அடுக்கும் முறைக்கு மாறிவிட்டது. இவ்வளவு நேர்த்தியான வடிவம் எல்லோருக்கும் கிடைக்காது. பேரலல் பிளான் வந்தாலோ, இடையில் யாராவது ஒரு வரியை அப்டேட் செய்து அது டேபிளில் வேறு இடத்துக்குப் போனாலோ, தாறுமாறாக வரும், சில சமயம் வரவே வராது. எனவே உங்கள் டேட்டாவில் இந்த வடிவம் தெரியவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாப் பக்கத்தையும் இழுத்து, வரிகளை எண்ணாமல் தனித்தனி ஐடிகளை எண்ணுங்கள். எங்களுக்கு 4,800 வரி, 4,754 ஐடி. முதல் நாளே இதை எண்ணியிருந்தால் அந்த அக்காவை அலைக்கழித்திருக்க மாட்டேன்.

திருத்தம் ஒரு சின்னச் சேர்க்கைதான்:

```sql
ORDER BY created_at DESC, id DESC
```

கடைசியில் சேர்ப்பது கட்டாயம் தனித்துவமான ஃபீல்டாக இருக்க வேண்டும். பில் நம்பர்கூட எங்களுக்கு உதவாது, இரண்டு கிளைகளில் ஒரே நம்பர் வரும். கூடவே `(batch_date, created_at, id)` என்று ஒரு இண்டெக்ஸ் போட்டோம். `id` இல்லாத இண்டெக்ஸ் இருந்தாலும் பதில் சரியாகத்தான் வரும், ஆனால் ஒரே நேரம் கொண்ட 4,800 வரியையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் `OFFSET` இருக்கும்வரை, ஒருவர் பக்கங்களை இழுத்துக்கொண்டிருக்கும்போது மேலே புதிதாக ஒரு பில் சேர்ந்தால் எல்லாம் ஒரு வரி கீழே நகர்ந்து பக்க எல்லையில் ஒரே பில் இரண்டு முறை வரும். அதனால் கடைசியாகப் பார்த்த வரியிலிருந்து தொடரும் கீசெட் முறைக்கு மாற்றினேன்:

```sql
WHERE batch_date = $1
  AND (created_at, id) < ($2::timestamptz, $3)
ORDER BY created_at DESC, id DESC
LIMIT 50;
```

டெஸ்ட் செய்தேன். முதல் பக்கத்தில் 50 பில், இரண்டாம் பக்கம் காலி. 4,750 பில் போச்சு. லைவில் போடுமுன் பார்த்தேனே என்று இருந்தது.

இதற்குக் காரணம் Node.js-இல் எழுதிய எங்கள் சர்வர். போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோசெகண்ட் வரை வைத்திருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டின் `Date` மில்லிசெகண்டோடு நின்றுவிடும். டேட்டாபேஸில் `.417863` என்று முடிகிற நேரம் எங்கள் சர்வருக்குள் போய்த் திரும்பும்போது `.417` ஆகிவிடுகிறது. மீதி இருக்கும் எல்லாப் பில்லும் `.417863`, அது `.417`-ஐவிடப் பெரியது, "இதைவிடச் சிறியது கொடு" என்று கேட்டால் ஒன்றும் வராது. பழையதிலிருந்து புதியதாக வரிசைப்படுத்தியிருந்தால் இன்னும் மோசம்: அதே முதல் பக்கம் முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும். `id` சேர்த்தும் பயன் இல்லை, ஏனென்றால் நேரமே ஒத்துப்போகாதபோது `id` வரை ஒப்பீடு போகாது.

நேரத்தை எழுத்தாகவே எடுத்து எழுத்தாகவே திருப்பிக் கொடுத்ததில் சரியானது: `created_at::text AS cur_ts`. இதில் ஒரு எச்சரிக்கை, அதற்கு `created_at` என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். `ORDER BY` அந்தப் புதுப் பெயரைப் பிடித்துக்கொண்டு எழுத்தாக வரிசைப்படுத்த ஆரம்பித்துவிடும். இன்னொன்று, அந்த அடைப்புக்குறி ஒப்பீடு இரண்டு ஃபீல்டும் ஒரே திசையில் போகும்போதுதான் செல்லும். ஒன்று ஏறுவரிசை, ஒன்று இறங்குவரிசை என்றால் `OR` போட்டுப் பிரித்துத்தான் எழுத வேண்டும். வரிசைப்படுத்தும் ஃபீல்டில் `NULL` இருந்தாலும் அந்த ஒப்பீடு அந்த வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

இந்த முறையில் நேராக 37-ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது. கணக்குப் பிரிவுக்கு அது தேவைப்படவில்லை, திரையில் பார்ப்பவர்களுக்கு மட்டும் `OFFSET`-ஐயே `id` சேர்த்து விட்டுவைத்தோம். `updated_at` மாதிரி தானே மாறும் ஃபீல்டை வைத்து வரிசைப்படுத்தினால் எந்த முறையும் முழுதாகக் காப்பாற்றாது, படித்துக்கொண்டிருக்கும்போதே வரி இடம் மாறிவிடும். அதனால் அந்தப் பட்டியலை மட்டும் பக்கமாகப் பிரிக்காமல் ஒரே குவெரியில் ஃபைலாகக் கொடுக்கிறோம்.

அப்புறம் கோட் முழுக்க `LIMIT` இருக்கும் இடமெல்லாம் தேடினேன். வாடிக்கையாளர் ஊர், பில் நிலை, தொகை என்று இன்னும் ஐந்து பட்டியல்கள் இதே நிலையில் இருந்தன. ஊர் வைத்து வரிசைப்படுத்துவதில் ஒரே ஊருக்கு ஆயிரக்கணக்கில் வரி இருக்கும், அதை யாரும் இதுவரை புகாராகச் சொல்லவில்லை. ஐந்திலும் `id` சேர்த்தாயிற்று. மறுநாள் காலை 4,800 வரி, 4,800 ஐடி என்று என் ஸ்கிரிப்ட் காட்டியதும் அந்த அக்காவுக்கு நானே போன் போட்டு ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து, "பைசா வரைக்கும் ஒத்து வருது தம்பி" என்றார்.