வேடியப்பன் கல்லுக்கு எதிரே இன்னொரு கல்

ஊத்தங்கரை, அரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேடியப்பன் கோயிலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கோபுரம் கிடையாது. ஒரு மரம், அதன் அடியில் ஒரு பலகைக் கல், அந்தக் கல்லில் வில்லும் கத்தியும் ஏந்தி நிற்கும் ஓர் ஆள். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி முகம் மழுங்கிப் போயிருக்கும். இப்படிச் சாமியாகக் கும்பிடப்படும் கற்களில் பல, 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய நடுகற்கள். மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் செத்தவனுக்கு ஊரார் எடுத்தவை. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்துத்தான் நான் இதைத் தெரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் ஊர்க் கல்லின் கதையை அதற்கு முன்பே எனக்குச் சொன்னவர், பள்ளிக்குப் போகும் வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா. இன்று சிங்கப்பூரில் நண்பர்களோடு சேர்ந்து நான் எழுதிவரும் கேமின் உலகம் அந்தக் கதையின் மேல்தான் நிற்கிறது.

ஓடையைத் தாண்டும்போது அவர் ஒரு வேலை செய்வார். குனிந்து கோரைப்புல்லைப் பிடுங்கி, கையில் சுருட்டி, முன்னால் போகும் மாட்டின் கழுத்து மணிக்குள் திணிப்பார். நாக்கு அசையாது. அக்கரை ஏறியதும் புல்லை உருவி எறிந்துவிடுவார். ஏன் தாத்தா என்று கேட்ட அன்றுதான் கதை வந்தது.

“பஞ்ச காலம் கண்ணு அது. மலைக்கு அந்தாண்ட இருக்கிற ஊர்க்காரனுங்க ராத்திரியில வந்து நம்ம மந்தைய ஓட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. காவலுக்கு இருந்தவன் ஒரே ஆளு, கூட ஒரு நாயி. ஊரை எழுப்ப நேரமில்ல. மணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருட்டுல ஓடினான். இந்த ஓடையிலதான் புடிச்சான். மந்தைய இந்தப் பக்கம் திருப்பிவுட்டான். மாடு அத்தனையும் விடியறதுக்குள்ள தானா ஊடு வந்து சேந்துருச்சு. அவன் வரல. போய்ப் பாத்தா உடம்பெல்லாம் அம்பு. நாயி பக்கத்துலயே படுத்துக் கெடந்து அதுவும் செத்துப்போச்சு. இன்னிக்கும் இங்க ராத்திரியில மணிச் சத்தம் கேட்டா அவன் எழுந்திருச்சு ஓடுவான்னு சொல்லுவாங்க. செத்தவனை எதுக்குச் சாமி திரும்பத் திரும்ப ஓட வுடணும்? அதான் புல்லு.”

கதை இதோடு முடிந்திருந்தால் அது ஒரு வீரன் கதை, அவ்வளவுதான். சற்று தூரம் நடந்த பிறகு தாத்தா போகிற போக்கில் ஒன்று சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் போனால் இதே மாதிரி இன்னொரு கல் இருக்கிறதாம். அந்த ஊர்க்காரர்களும் இதே ராத்திரியைத்தான் சொல்வார்களாம். ஆனால் மாடு முதலில் அவர்களுடையதாம். நம் ஊர்க்காரர்கள் ஓட்டிவந்ததை மீட்கப் போய் அவர்கள் ஆள் செத்தானாம். “அப்ப எது தாத்தா நெசம்?” என்றேன். “ரெண்டு கல்லுக்கும்தான் பொங்கல் வெக்கிறாங்க,” என்றார்.

கேமுக்குப் பின்கதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு வேண்டியதெல்லாம் இந்தப் பேச்சுக்குள் இருந்தது. எங்கள் உலகத்துக்கு இருகல் நாடு என்று பெயர் வைத்தோம். விளையாடுபவர் அங்கே வந்து சேரும்போது அந்தச் சண்டை நடந்து பல தலைமுறை ஆகிவிட்டது. பொதுவாக இந்த மாதிரி கேம்களில் தொடக்கத்திலேயே ஒரு கிழவர் குரலில் மொத்த வரலாற்றையும் சொல்லிவிடுவார்கள். ஆடுகிறவர் அதைத் தாண்டிவிட்டுத் தன் பாட்டுக்கு நடப்பார். கதை முன்னாடியே முடிந்துவிட்டதால் அவர் கண்டுபிடிக்க ஒன்றுமே மிச்சம் இருக்காது. தாத்தா எனக்கு அந்த வரிசையில் சொல்லவில்லை. முதலில் புல், அப்புறம் கேள்வி, அதற்கப்புறம்தான் கதை. கேமிலும் அதே வரிசையை வைத்தேன்.

முதல் இரவில் ஒரு மேய்ப்பர் பெண்ணோடு மந்தையை ஓட்டிக்கொண்டு ஓடையைக் கடக்க வேண்டும். அவள் பேசாமல் மணிக்குள் புல்லைத் திணிப்பாள். அதைக் கவனித்து நீங்களும் திணித்தால் சத்தமில்லாமல் கடந்துவிடலாம். திணிக்காவிட்டால் தண்ணீருக்கு மேல் யாரோ ஓடிவரும் சத்தமும், கூடவே நாய் குரைப்பதும் கேட்கும். அவன் உங்களைத் தாக்க மாட்டான். மந்தையை வந்த வழியே திருப்பிவிடுவான், நீங்கள் மறுபடி தொடங்க வேண்டும். இதில் நான் விடாப்பிடியாக நின்றேன். அவனைப் பேயாக்கி வெட்டிச் சாய்க்க வைத்தால் தாத்தா சொன்ன ஆளே அங்கே இருக்க மாட்டான்.

அடுத்து கல். எங்கள் ஊர்க் கல்லின் காலடியில் நாய் இருந்தது. அது வெறும் அலங்காரம் என்று குழுவில் ஒரு தம்பி நினைத்தான். அவனுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைக் காட்டினேன். 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலத்துக் கல். அதில் கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தி, நாயின் பெயரோடு வெட்டப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயர் பொறித்த மண் இது. ஆகவே கேமில் மனிதனின் பெயர் சிதைந்துவிட்டது, நாயின் பெயர் மட்டும் வாசிக்க முடிகிறது. இருட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குரைப்பது நிற்கும்.

நிஜ நடுகற்களில் எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், என்ன செய்து பட்டான், கடைசியில் அவன் கல் என்று முடியும். மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு மட்டுமல்ல, கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, அதை ஒளிக்காமல் வெட்டியும் வைத்தார்கள். எங்கள் இரண்டு கற்களிலும் கவர்ந்தானா மீட்டானா என்று சொல்லும் இடம் மட்டும் உடைந்திருக்கிறது. அது தானாக உடைந்ததில்லை, உளியால் கொத்திய தடம் தெரியும். அதை யார் கொத்தினார்கள் என்று தேடிப் போவதுதான் கேமின் நடுப்பகுதி.

முடிவுக்குத் தொல்காப்பியம் கைகொடுத்தது. கல் எடுப்பதை அது ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. ஏற்ற கல்லைப் பார்த்து, கொண்டுவரத் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்த வேண்டும். கடைசி ஆறு கட்டங்களையும் இந்த வரிசையில் அமைத்தோம். மலையுச்சியில் இரண்டு ஊருக்கும் பொதுவாக மூன்றாவது கல்லை நடுகிறீர்கள். கல்லைத் தேடவும் சுமக்கவும் இரண்டு ஊர் ஆட்களும் வர வேண்டும். ஒரே ஊர் ஆட்களை வைத்துக்கொண்டு தொடங்கினால் கல் ஓடையைத் தாண்டாது. வாழ்த்தில் என்ன எழுதுவது என்பதை ஆடுகிறவரிடமே விட்டிருக்கிறோம். கவர்ந்தான், மீட்டான் என்ற இரண்டையுமே விட்டுவிட்டு, நாயின் பெயரை மட்டும் எழுதவும் வழி இருக்கிறது.

இன்னும் அந்தாண்டை ஊரின் பகுதி எழுதி முடியவில்லை. தாத்தா சொன்னது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை. மற்ற ஊரின் கதையை நானே கற்பனையில் நிரப்ப மனம் வரவில்லை. மலர் வாசிக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளே, உங்கள் ஊரிலும் வேடியப்பன் கல் இருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். கதையைக் கேட்பதற்கு முன்னால், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எதைச் செய்யக் கூடாது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவுசெய்து, சங்கத்தின் வழியாக எனக்கு அனுப்புங்கள்.